வெட்டிய முடிக்கு அடியில் நெற்றி இருக்கிறதா?

போன வாரம் ஒரு தம்பி, நம் முகத்தோடு சேர்ந்து அசையும்படி லைவ்2டி மென்பொருளில் செய்த தன் அவதாரின் லேயர் பிரித்த பி.எஸ்.டி. கோப்பை அனுப்பி, "அண்ணா, தலையைத் திருப்பினா நெத்தியில ஓட்டை விழுது, எந்த செட்டிங்?" என்று கேட்டார். செட்டிங் இல்லை தம்பி. அங்கே நெற்றியே இல்லை. நானும் இதே இடத்தில்தான் விழுந்தேன், அதனால் எரிச்சல் இன்னும் போகவில்லை.

அடியில் வரையாமல் வெட்டுவது

படத்தில் முன்முடியை லாஸோவால் வளைத்து வெட்டித் தனி லேயரில் வைத்தால் முடி கிடைத்துவிடும். முகத்தின் லேயரில் அதே வடிவத்தில் ஒரு பள்ளம் மிஞ்சும். முடியும் முகமும் அசையாதவரை எதுவும் தெரியாது. லைவ்2டியில் தலையை இடவலமாகத் திருப்பும் `ParamAngleX` -30இலிருந்து 30 வரை போகும்போது முன்முடி முகத்தைவிடச் சற்று அதிகமாக நகர வேண்டும், அப்போதுதான் தலை திரும்புவது போலிருக்கும். அந்த நகர்வில்தான் பள்ளம் வெளியே வரும்.

என்னுடையது அலுவலக மீட்டிங்கில் வெளியே வந்தது. பக்கத்தில் யாரோ பேச, நான் திரும்ப, அவதாரின் புருவத்துக்கு மேலே பின்னாலிருந்த புத்தக அலமாரி தெரிந்தது. சரி, நெற்றியை வரைந்து கோப்பை மறுபடி ஏற்றினால் போதும் என்று நினைத்தேன். ஏற்றியும் ஓட்டை அப்படியே. லேயரை வளைத்து அசைக்க அதன்மேல் போட்ட வலையான மெஷ் பழைய ஓரத்தோடு நின்றிருந்ததால் புதிதாக வரைந்த பகுதி அதற்குள் வரவே இல்லை. மெஷ்ஷை விரித்து, திருப்பங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஒரு சனி, ஞாயிறு போனது.

இப்போது அசைவுகளை அமைக்கும் ரிக்கைத் தொடுமுன் ஒரு சோதனை செய்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் பளீரென்ற ரோஸ் நிற லேயர் ஒன்றைப் போட்டு, 2000 பிக்சல் அகலப் படமென்றால் முன்முடியை இரு பக்கமும் 60 பிக்சல் இழுத்துப் பார்ப்பேன். முகத்துக்குள் ரோஸ் எட்டிப் பார்த்தால் இன்னும் வரைய வேண்டும். காதோர முடிக்குப் பின்னே கன்னமும் காதும், தாடைக்குப் பின்னே கழுத்தும் அப்படித்தான்.

கருவிழியை இமையோடு வெட்டுவது

இமை மறைத்த மேல்பகுதியையும் சேர்த்துக் கருவிழியை முழு வட்டமாக வரைந்து, வெண்விழிக்கு வெளியே தெரியாதபடி அதில் கிளிப் செய்யுங்கள். பாதி வட்டத்தோடு விட்டால் கீழே பார்க்கும்போது மேலே தட்டையாக வெட்டிய கோடு தெரியும்.

மூடிய வாயை இழுத்துத் திறப்பது

உதட்டுக்கோடு ரப்பர் போல நீளும், உள்ளே ஒன்றும் இருக்காது. திறந்த வாயை வரைந்து, பிறகு மூடுங்கள். மேலுதடு, கீழுதடு, உள்வாய், நாக்கு, பல் எல்லாம் தனித்தனி.

முடி முழுக்க ஒரே லேயர்

முடியாக அசையாது, தொப்பியாக மொத்தமாக நகரும்.

பின்னணி இல்லாமல் விடுவது

வீடியோ காலுக்குப் போகும் கேமராப் படத்தில் ஒளிபுகும் பகுதி என்று ஒன்று கிடையாது. பின்னணியை நீங்களே போட்டு அனுப்புங்கள்.