டொராண்டோவிலிருந்து அம்மாவுக்கு எப்போது பேசுவது?

சென்னையில் காலை 9 மணிக்கு அம்மா வீடியோ காலில் வருவார். டொராண்டோவில் அப்போது இரவு 10:30. குளிர்காலம் முழுக்க இது ஓடிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு டொராண்டோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை. அதனால் அதே 9 மணி அழைப்பு இங்கே 11:30 ஆகிவிடும். பேசி முடித்த உற்சாகத்தில் உடனே தூக்கமும் வராது. காலை வகுப்பிலோ வேலையிலோ கண் சொக்கும்போதுதான் உறைக்கும்.

நான் செய்தது இதுதான்: வார நாள் அழைப்பைக் காலை 7:30க்கு மாற்றினேன். சென்னையில் கோடையில் மாலை 5, குளிர்காலத்தில் 6. அம்மா காபியோடு உட்கார்ந்திருப்பார். பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் அழைப்பு இருபது நிமிடத்தில் தானாக முடியும். (இரவில் "இதோ, அத்தை வந்துட்டாங்க, ஒரு நிமிஷம்" என்று நீளும்.) நீண்ட அரட்டை சனிக்கிழமை காலைக்கு.

இரவு 10:30க்கு மேல் போன் ‘தொந்தரவு செய்யாதே’யில் இருக்கும். அம்மாவின் எண்ணுக்கு மட்டும் விலக்கு. அவசரமென்றால் வாட்ஸ்அப் வேண்டாம், நேரடியாக போன் போடுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஒருமுறை வீட்டிலிருந்து போட்டுப் பார்க்கச் சொல்லி, மணி அடிக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.