கதவு திறக்கும் காட்சியைக் கவனியுங்கள்

டர்பனிலும் சாட்ஸ்வர்த்திலும் நம் வீடுகளில் ரியாலிட்டி நிகழ்ச்சி ஓடும்போது, இது உண்மையா நாடகமா என்ற வாக்குவாதம் எழாமல் இருப்பதில்லை. அப்போது முகபாவங்களை ஆராய்வதைவிட, கேமரா எங்கே நின்றது என்று பார்ப்பதே பயன் தரும்.

ஒரு பெண், முன்னறிவிப்பின்றித் தோழியின் வீட்டுக்குச் சண்டைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அழைப்புமணியை அழுத்துவது வெளியிலிருந்தும், தோழி கதவைத் திறந்து திடுக்கிடுவது உள்ளேயிருந்தும் காட்டப்பட்டால், படப்பிடிப்புக் குழுவினர் முன்பே உள்ளே காத்திருந்திருக்கிறார்கள் அல்லது அந்த நுழைவு மறுபடியும் எடுக்கப்பட்டிருக்கிறது. தொலைபேசி உரையாடலின் இரு முனைகளும் படமாகியிருந்தாலும் இதே ஐயம் பொருந்தும்.

ஆனால் சந்திப்பு ஏற்பாடு செய்யப்பட்டது என்பதாலேயே வசனமும் எழுதிக் கொடுக்கப்பட்டது என்று ஆகிவிடாது. பிரிட்டனில் 2010இல் தொடங்கிய ‘தி ஒன்லி வே இஸ் எசெக்ஸ்’ நிகழ்ச்சி, மனிதர்கள் உண்மையானவர்கள் என்றும், அவர்கள் செய்வதில் சில பொழுதுபோக்குக்காக அமைக்கப்பட்டவை என்றும் தானே அறிவித்தது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

படத்தொகுப்பில் நடக்கும் ஒட்டுவேலையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கடுமையான சொல் ஒலிக்கும் கணத்தில் பேசுபவரின் வாய் தெரியாமல், கேட்பவரின் முகமோ மேசைக் கோப்பையோ காட்டப்பட்டு, பின்னணி இரைச்சலும் சட்டென மாறினால், வேறொரு வேளையில் பேசியது அங்கே இணைக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு.