52 செ.மீ. கேபிள் செய்த குழப்பம்

145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 207 செ.மீ. இரண்டு செங்குத்து ஆன்டெனாக்களைக் கால் அலை, அதாவது 52 செ.மீ. இடைவெளியில் நிறுத்தினேன். முன்னால் இருப்பதற்கு 90 டிகிரி, அதாவது கால் அலை, தாமதம் கொடுத்தால் கற்றை அந்தப் பக்கம் போகும். பின்பக்கம் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதற்காக முன் ஆன்டெனாவின் கேபிளை மட்டும் 52 செ.மீ. கூடுதலாக வெட்டினேன்.

ஆனால் நேர்பின்னாலிருந்து வந்த சிக்னல் அடங்கவே இல்லை. ஜோடியை மெல்லச் சுழற்றி அளந்ததில், பின்திசைக்கு இருபுறமும் சுமார் 60 டிகிரி தள்ளி சிக்னல் அடங்கும் இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. அப்புறம்தான் உறைத்தது: என் கேபிளில் அலை, வெளியில் போகும் வேகத்தில் 0.66 பங்குதான் போகும். ஆக, நான் கொடுத்த தாமதம் 136 டிகிரி!

கூடுதல் நீளத்தை 34 செ.மீ. ஆக்கினேன், பள்ளம் நேர்பின்னுக்கு வந்தது. சிக்னல் முழுதாக மறையவில்லைதான். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று பாதிப்பதால் இரண்டின் மின்னோட்டமும் சரிசமமாக அமைவதில்லை.