இரண்டடித் தொட்டியில் கப்பி வளர்ப்பது: முதல் மீன் வரும் முன் செய்ய வேண்டியவை

மீன் வாங்கக் கடைக்குப் போனால் தொட்டி, ஃபில்டர், கல், மீன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வாரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகும். கெட்ட மீனைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் கோளாறு மீனில் இல்லை, அதை விட்ட தண்ணீரில்தான். அதனால் இப்போதைக்கு மீனைத் தவிர மற்றதை மட்டும் வாங்குங்கள்.

60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியோடு தண்ணீரும் கல்லும் சேர்ந்தால் 60 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆடாத மேசையில், அடியில் தெர்மாகோல் விரித்து, வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். சின்னக் கூழாங்கல் 8 கிலோ போதும். சோப்பு போடாமல், கழுவும் தண்ணீர் தெளியும்வரை அலசி, 3 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். கல்லுக்கு மேல் 25 செ.மீ. தண்ணீர் நிற்கும் என்றால் 60 × 30 × 25, அதை ஆயிரத்தால் வகுத்தால் 45 லிட்டர். 15 லிட்டர் பக்கெட்டில் மூன்று. இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும், தொட்டியின் ஓரத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

தண்ணீர்

மாநகராட்சித் தண்ணீரில் இருக்கும் குளோரின் மீனின் செவுளை அரிக்கும். நாம் வளர்க்கப்போகும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினை, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி 45 லிட்டருக்குக் கணக்கிட்டுக் கலந்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. ஆனால் மாடித் தொட்டியில் லாரித் தண்ணீரும் கலக்கிற வீடு என்றால், ஆன்டி குளோரின் போட்டுவிடுவதே நல்லது. கொஞ்சம் கடினமான நீர் கப்பிக்குப் பிடிக்கும். ஆர்ஓ தண்ணீர் வேண்டாம், அதில் தாது உப்புகள் மிகக் குறைவு.

காத்திருப்பு

ஃபில்டரை ஓடவிடுங்கள். இனி இரவிலும் நிறுத்தக்கூடாது. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைக் காலித் தொட்டியில் போடுங்கள். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், பரவாயில்லை. தீனி அழுகும்போது அம்மோனியா உண்டாகும். மீனின் கழிவிலிருந்து வரும் விஷமும் இதேதான். இதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் மெல்லப் படியும். நைட்ரைட்டும் விஷம்தான். அதை ஓரளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம் வளர வேண்டும். இரண்டும் நிலைபெற நம் ஊர் வெப்பத்தில் நான்கு வாரம், சில சமயம் ஆறு வாரம்கூட ஆகும்.

நாட்களை எண்ணுவதைவிட டெஸ்ட் கிட்டை நம்புங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க இறங்க நைட்ரைட் ஏறும். கடைசியில் தீனி போட்ட மறுநாளும் இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். இடையில் தண்ணீர் பால்போல் கலங்கலாம். அதைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினால் மறுபடி முதலிலிருந்துதான். நண்பர் வீட்டில் நோயில்லாத, பல மாதம் ஓடிய தொட்டி இருந்தால் அந்த ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். காத்திருப்பு நன்றாகக் குறையும்.

எத்தனை மீன்?

முதலில் நான்கு ஆண் கப்பி, அவ்வளவுதான். ஒரு சிட்டிகை தீனிக்குப் பழகிய பாக்டீரியாவால் திடீரென்று பத்து மீனின் கழிவைச் சமாளிக்க முடியாது. பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம்.

இரண்டு வாரம் தினமும் கொஞ்சமாகத் தீனி, இரண்டு நாளைக்கு ஒருமுறை டெஸ்ட். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றாலோ உடனே டெஸ்ட் செய்யுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் ஒரு பக்கெட் தண்ணீரை, ஆன்டி குளோரின் கலந்த புதுத் தண்ணீரால் மாற்றிவிட்டு, அன்று தீனியை நிறுத்துங்கள். இரண்டும் பூஜ்யத்திலேயே இருந்தால் இன்னும் மூன்று மீன், அடுத்த இரண்டு வாரம் கழித்து மேலும் மூன்று. 45 லிட்டருக்குப் பத்தோடு நிறுத்திக்கொள்வது என் கணக்கு. கடைக்காரர் கோல்டு ஃபிஷ் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பெரிதாக வளரும், கழிவும் அதிகம்.

பெண் கப்பியையும் இப்போது தவிர்க்கலாம். கடையிலிருந்து வரும்போதே அது பெரும்பாலும் சினையாக இருக்கும். விந்தைச் சேமித்து வைத்து, ஆண் இல்லாமலே மாதக்கணக்கில் குட்டி போடும், நம் பத்து என்ற கணக்கு காணாமல் போய்விடும்.

அப்புறம், வாரம் ஒருமுறை ஒரு பக்கெட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், அப்படி வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து திரும்ப வையுங்கள். குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.