இறுதிச் சுற்றில் பொருளைக் காட்ட வேண்டிய நேரம்

பிசினஸ் பிளான் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு மாதிரிப் பொருளைக் கொண்டுபோகிறீர்களா? மேடை ஏறியதுமே அதைக் காட்டிவிடாதீர்கள். ஒரு பொருளுக்கான கணக்கைச் சொல்லும் இடம் வரை பைக்குள்ளேயே இருக்கட்டும்.

உங்கள் பொருள் ஒரு மடக்கு மேசை விளக்கு என்று வைத்துக்கொள்வோம். அதைக் கையில் எடுத்து, "இதன் விலை 500. செய்ய 320 ஆகிறது. மீதி 180. மாத நிலைச் செலவு 90,000. அதனால் மாதம் 500 விளக்கு விற்றால் கையைக் கடிக்காது" என்று சொல்லுங்கள். பிறகு மேசையில் வைத்துவிடுங்கள். நடுவர்களிடம் அப்போதே கொடுத்தால், அவர்கள் சுவிட்சைத் தட்டிப் பார்ப்பார்கள், அடுத்த எண் காதில் விழாது. கேள்வி நேரத்தில் கொடுக்கலாம்.

பெரும்பாலும் சறுக்குவது அந்த 320-இல்தான். பேக்கிங், டெலிவரி, திரும்பி வரும் பொருள் எல்லாம் அதில் உண்டா என்று நடுவர் கேட்பார். அவை சேராமல் இன்னும் 60 ஆகும் என்றால் மீதி 120தான், விற்க வேண்டியது 750 ஆகிவிடும். சரி, அந்த 750-ஐ நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் மாதம் 750 பேர் எங்கிருந்து வருவார்கள் என்பதற்கும் பதில் வைத்திருங்கள், அடுத்த கேள்வி அதுதான்.