பூட்டு செய்திக்கு மட்டும்தான்: வாட்ஸ்அப்பை நம்புவதில் நடக்கும் தவறுகள்

2018 ஆகஸ்ட் 1, நள்ளிரவு 12.33 மணி. அமெரிக்க நிதித்துறையில் மூத்த ஆலோசகராக இருந்த நட்டாலி எட்வர்ட்ஸின் கைபேசிக்கும் ஒரு பத்திரிகையாளரின் கைபேசிக்கும் இடையே செய்திகள் போகவும் வரவும் தொடங்கின. 12.54க்குள் ஏறக்குறைய 70 செய்திகள். முந்தைய நாள்தான் அந்தப் பத்திரிகையாளரின் ஊடகத்தில், ரகசிய வங்கி அறிக்கைகளை வைத்து ஒரு செய்தி வெளியாகியிருந்தது.

அந்த 70 செய்திகளில் ஒன்றைக்கூட நடுவழியில் யாரும் படிக்கவில்லை, படிக்கவும் முடியாது. ஆனால் யார், யாருக்கு, எத்தனை மணிக்கு என்ற கணக்கு நீதிமன்ற அனுமதியோடு எஃப்.பி.ஐ.யின் கைக்குப் போனது. அந்த அறிக்கைகளைக் கசியவிட்டதாக அக்டோபரில் எட்வர்ட்ஸ் கைதானபோது தாக்கலான குற்றப்பத்திரிகையில் மேலே சொன்ன நேரங்கள் அப்படியே இருந்தன. செயலியின் பெயர் அதில் இல்லை. அது வாட்ஸ்அப் என்று 2021இல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் எழுதியது. வழக்கில் வேறு சான்றுகளும் இருந்தன. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இந்த வகை உத்தரவுக்கு 'பென் ரெஜிஸ்டர்' என்று பெயர். பழைய தொலைபேசிக் காலத்துச் சட்டம் அது: பேச்சைக் கேட்கக் கூடாது, எந்த எண்ணுக்குப் பேசினார் என்று மட்டும் குறிக்கலாம். சோதனை ஆணை வாங்கத் தேவைப்படும் அளவு ஆதாரம் இதற்குத் தேவையில்லை. 2021 ஜனவரியில் எஃப்.பி.ஐ. தயாரித்து, பிறகு வெளியே கசிந்த ஓர் ஆவணத்தின்படி, இப்படிப்பட்ட உத்தரவு வந்தால் வாட்ஸ்அப் 15 நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் கணக்கின் செய்திப் போக்குவரத்து விவரத்தை அனுப்புகிறது.

இதிலிருந்தே முதல் தவறு புரியும். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும் என்ற பொருளில் 'எண்ட் டு எண்ட்' என்று திரையில் போட்டிருந்தால் நிறுவனத்துக்கு எதுவுமே தெரியாது என்று நினைப்பது. பூட்டிய பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. விலாசம் தெரியாமல் எப்படிக் கொண்டு சேர்ப்பார்?

அடுத்தது, 'லாஸ்ட் சீன்' அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. அது உங்கள் அத்தையிடமிருந்தும் மேலாளரிடமிருந்தும் மறைக்கும், நிறுவனத்திடமிருந்து மறைக்காது. நீங்கள் இணைப்பில் இருக்கிறீர்களா என்று தெரிந்தால்தானே சர்வர் செய்தியை உடனே தள்ளுவதா, காத்திருக்க வைப்பதா என்று முடிவு செய்யும்? அழைப்புகளில் ஐ.பி. முகவரியை, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண்ணை, மறைக்கும் வசதியும் இதே கதைதான். அதைப் போட்டால் எதிர்முனையில் பேசுபவருக்கு உங்கள் ஐ.பி. முகவரி தெரியாது, ஏனென்றால் அழைப்பு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றிப் போகிறது. இதோடு கைபேசி மாடல், இயங்குதளம், நெட்வொர்க், மொழி, நேர மண்டலம், ஏன், பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதுகூடச் சேகரிக்கப்படுவதாக வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கையே சொல்கிறது. யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

தொடர்புப் பட்டியல்தான் இதில் சிக்கலானது. செயலியைப் போட்டதும் அனுமதி கேட்கும், நாம் யோசிக்காமல் 'அலோ' அழுத்துவோம். நம் கைபேசியில் உள்ள எண்கள் எல்லாம் சர்வருக்குப் போய், அவற்றில் யாரெல்லாம் செயலியில் இருக்கிறார்கள் என்று ஒப்பிடப்படும். சரி, நான் அனுமதி மறுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம். என் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் பிளம்பரும் பழைய வீட்டு உரிமையாளரும் மறுத்திருக்க வேண்டுமே! அதே எஃப்.பி.ஐ. ஆவணம் இதையும் சொல்கிறது: சோதனை ஆணை இருந்தால், ஒருவரின் தொடர்புப் பட்டியல் மட்டுமல்ல, அவர் எண்ணைத் தம் பட்டியலில் வைத்திருக்கும் மற்ற பயனர்களின் விவரமும் கிடைக்கும். இதில் நம்மால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் உண்மை.

செய்ய முடிகிற இடம் பேக்கப். வழியில் பூட்டியிருந்த செய்தி, கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ ஏறும்போது அந்தப் பூட்டோடு ஏறுவதில்லை. அதற்கென்று தனிப் பூட்டு 2021இல் வந்தது, ஆனால் நாமே போய் இயக்க வேண்டும்: Settings > Chats > Chat backup > End-to-end encrypted backup. கடவுச்சொல்லை மறந்தால் பேக்கப் போனதுதான், எழுதி வையுங்கள். நீங்கள் போட்டு, எதிர்முனையில் இருப்பவர் போடாவிட்டால், அதே உரையாடல் அவர் பக்கத்தில் திறந்தே கிடக்கும்.

உங்கள் கணக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க Settings > Account > Request account info அழுத்தலாம். சில நாளில் ஓர் அறிக்கை வரும், அதில் ஐ.பி. முகவரி, கைபேசி வகை, தொடர்பு எண்கள், குழுப் பெயர்கள் எல்லாம் இருக்கும். செய்திகள் இருக்காது.

எல்லாச் செயலியும் இவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. 2016இல் அமெரிக்க நீதிமன்றத்திலிருந்து சிக்னல் என்ற செய்திச் செயலிக்கு இரண்டு எண்களைப் பற்றிய விவரம் கேட்டு உத்தரவு வந்தது. அவற்றில் ஒன்றுக்குத்தான் கணக்கு இருந்தது. சிக்னல் கொடுத்தது இரண்டே விவரங்கள்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள்.