லாபம் ஏன் குறைந்தது? கடன் சங்கப் பேரவையில் கணக்குச் சொல்வது எப்படி

சங்கத்துச் செயலாளராக முதன்முறை பேரவையில் பேசியபோது, தணிக்கை அறிக்கையை வரி வரியாக நாற்பது நிமிடம் வாசித்தேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "அதெல்லாம் சரி தம்பி, போன வருஷத்தைவிட டிவிடெண்ட் ஏன் குறைஞ்சுது?" என்று கேட்டார். பதில் நான் வாசித்த தாளிலேயே இருந்தது. ஆனால் எங்கே என்று எனக்கே உடனே சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு பேச்சைத் தயாரிக்கும் வழியை மாற்றிக்கொண்டேன். சிக்கனக் கடன் சங்கம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு அந்த வழியைச் சொல்கிறேன். வட்டியும் பிறவும் சேர்ந்து ஆண்டு வருமானம் 50 லட்சம். லாபம் போன ஆண்டு 10 லட்சம், இந்த ஆண்டு 8 லட்சம். உறுப்பினர்களின் பங்குத்தொகை 60 லட்சம். கொடுத்துள்ள கடன் 4 கோடி.

படி 1: கேள்வியை முதலில் எழுதுங்கள்

லாப நட்டக் கணக்கைத் திறப்பதற்கு முன், வாசலில் உங்களை நிறுத்தி உறுப்பினர் கேட்கக்கூடிய ஒரே கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். இங்கே அது "லாபம் ஏன் குறைந்தது?" பேச்சு முழுக்க அதற்கான பதில்தான். அதற்கு உதவாத எண் எதுவும் மேடைக்கு வர வேண்டாம். அச்சிட்ட அறிக்கை எல்லோர் கையிலும் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

படி 2: லட்சத்தை நூறு ரூபாயாக்குங்கள்

லட்சக்கணக்கைக் காதால் கேட்டு யாராலும் பின்தொடர முடியாது. ஒவ்வொரு செலவையும் மொத்த வருமானத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் போதும். நம் சங்கத்தில் டெபாசிட்டுக்குக் கொடுத்த வட்டி 30 லட்சம், சம்பளமும் அலுவலகச் செலவும் 9 லட்சம், வராக்கடனுக்கு ஒதுக்கியது 3 லட்சம். மேடையில் இப்படிச் சொல்லலாம்:

"சங்கத்துக்கு நூறு ரூபாய் வந்தது. அதில் 60 ரூபாய் டெபாசிட் போட்டவர்களுக்கு வட்டியாகப் போனது. 18 ரூபாயில் அலுவலகம் நடந்தது. திரும்பி வராமல் போகக்கூடிய கடனுக்காக 6 ரூபாயை எடுத்து வைத்தோம். மீதி 16 ரூபாய்தான் லாபம். போன வருஷம் இது 20 ரூபாய். வட்டியும் செலவும் மாறவில்லை. போன வருஷம் எடுத்து வைத்தது 2 ரூபாய், இந்த வருஷம் 6 ரூபாய். குறைந்த 4 ரூபாய் அங்கேதான் போயிருக்கிறது."

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பதில் கிடைத்துவிட்டது. மறு பாதி "அது ஏன் கூடியது?" என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

படி 3: லாபம் யாருடைய பணம் என்று சொல்லுங்கள்

தனியார் கம்பெனியில் வாடிக்கையாளர் வேறு, முதலாளி வேறு. கடன் சங்கத்தில் இருவரும் ஒருவரே. ஆகவே லாபம் என்பது உறுப்பினர்களிடமிருந்தே செலவுக்கு மேல் வாங்கிய தொகைதான். இதைப் புரியவைக்க ஒரு கணக்குப் போதும். 4 கோடி கடனுக்கு அரை சதவீதம் வட்டி கூட்டியிருந்தால் 2 லட்சம் கூடுதலாக வந்திருக்கும். லாபம் போன ஆண்டைப் போலவே 10 லட்சம் என்று காட்டியிருக்கலாம். அந்த 2 லட்சம் கடன் வாங்கிய உறுப்பினர் பையிலிருந்துதான் வந்திருக்கும்.

என் அனுபவத்தில், பேச்சில் மக்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் இதுதான். லாபம் கூடினால் நல்ல நிர்வாகம், குறைந்தால் கெட்ட நிர்வாகம் என்ற எண்ணம் இங்கேதான் தளரும். ஆனால் அதையே சாக்காக்கி நழுவவும் கூடாது. இந்த ஆண்டு லாபம் குறைந்தது வட்டியைக் குறைத்ததால் அல்ல, கடன் தவறியதால். அதை அடுத்த படியில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

படி 4: இரண்டே விகிதங்கள்

ஆசை யாரை விட்டது, பத்து விகிதம் சொல்லத் தோன்றும். இரண்டோடு நிறுத்துங்கள்.

முதலாவது, தவணை தவறிய கடன் விகிதம். நூறு ரூபாய் கடனில் எத்தனை ரூபாய் தவணை தவறிய கணக்குகளில் நிற்கிறது என்பது. போன ஆண்டு 12 லட்சம், அதாவது 3 சதவீதம். இந்த ஆண்டு 24 லட்சம், 6 சதவீதம். கடன் சங்கங்களின் உலகக் கவுன்சில் வகுத்த 'பேர்ல்ஸ்' அளவுகோல், இது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நாம் தாண்டிவிட்டோம் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

இந்த எண்ணைப் போடும்போது பலர் சறுக்குகிறார்கள். ஒருவருக்கு 1 லட்சம் கடன் பாக்கி, அதில் 5,000 ரூபாய்த் தவணை மூன்று தவறியிருக்கிறது என்று வையுங்கள். தவறியது 15,000 என்று எழுதக் கூடாது. ஆபத்தில் இருப்பது முழு 1 லட்சமும். தவறிய தவணைகளை மட்டும் கூட்டினால் நம் சங்கத்திலேயே 4 லட்சம்தான் வரும் என்று வைத்துக்கொண்டால், விகிதம் அழகாக 1 சதவீதம் ஆகிவிடும். தாளில் விகிதம் மிகச் சிறிதாக இருந்தும் வராக்கடன் ஒதுக்கீடு ஏறிக்கொண்டே போனால், இந்தத் தவறு நடக்கிறதா என்று பாருங்கள். பழைய கடனை அடைத்ததாகக் காட்டப் புதுக்கடன் கொடுக்கும் பழக்கம் இருந்தாலும் இந்த எண் பொய் சொல்லும்.

இரண்டாவது, காப்பு நிதி விகிதம். சங்கத்தின் மொத்தச் சொத்தில் யாருக்கும் திருப்பித் தர வேண்டாத பணம் எவ்வளவு என்பது. பங்குத்தொகையை உறுப்பினர் விலகும்போது திருப்பிக் கேட்கலாம், ஆகவே அதை இதில் சேர்க்கவில்லை. மொத்தச் சொத்து 460 லட்சம், காப்பு நிதி 40 லட்சம். இந்த ஆண்டு லாபத்தில் கால் பங்கு, 2 லட்சத்தைச் சேர்த்தால் 42. நூறுக்கு சுமார் 9 ரூபாய். அதே அளவுகோல் குறைந்தது 10 வேண்டும் என்கிறது. காப்பு நிதிக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதைச் சங்கத்துக்குச் சங்கம் சட்டமும் துணைவிதியும் தீர்மானிக்கும். உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: பங்கீட்டை ஒரு உறுப்பினரின் கணக்காகச் சொல்லுங்கள்

8 லட்சத்தில் 2 லட்சம் காப்பு நிதிக்கு, 5.4 லட்சம் டிவிடெண்டுக்கு, 60 ஆயிரம் மற்ற நிதிகளுக்கு. டிவிடெண்ட் 9 சதவீதம். "பத்தாயிரம் ரூபாய் பங்கு வைத்திருப்பவருக்கு 900 ரூபாய்" என்று சொன்னால் எல்லோரும் தங்கள் தொகையைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

"எட்டு லட்சத்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். பதிலைத் தயாராக வையுங்கள். அப்படிச் செய்தால் அதே உறுப்பினருக்கு 1,333 ரூபாய், அதாவது 433 ரூபாய் கூடுதல். தவணை தவறியிருக்கும் 24 லட்சத்தில் ஒரு பகுதி வராமலே போய், வராக்கடனுக்கு ஒதுக்கியதும் போதாவிட்டால் அடுத்துத் தாங்குவது காப்பு நிதி. அது போதாவிட்டால் பங்குத்தொகை, அதற்கும் பிறகு டெபாசிட். 433 ரூபாயையும் இந்த வரிசையையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு முடிவைப் பேரவையிடம் விடுங்கள்.

படி 6: கேள்வி நேரம்

அப்புறம் வருவது, "யார் யார் கட்டவில்லை?" மேடையில் பெயர் சொல்லாதீர்கள். எத்தனை கணக்குகள், அதில் ஓராண்டுக்கு மேல் நிற்பவை எத்தனை, எத்தனை பேரிடம் பேசித் தவணையை மாற்றி அமைத்தீர்கள், எத்தனை மேல் நடவடிக்கைக்குப் போயிருக்கின்றன என்பதைச் சொல்லுங்கள். நிர்வாகக்குழுவில் இருப்பவர் யாருக்காவது தவணை தவறிய கடன் இருந்தால், "எங்கள் குழுவிலும் ஒரு கணக்கு நிற்கிறது" என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அந்த விஷயம் கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.